நோவா, மணி, விக்கி: குட்டிக்கு எந்தப் பெயர் காதில் நிற்கும்?

கேள்வி: "50 நாள் ஆன நாட்டு நாய்க்குட்டி ஒன்று வந்திருக்கு, பெண் குட்டி, பழுப்பு நிறம். வீட்டில் ஏற்கனவே மிக்கி என்று ஒரு பூனை இருக்கு. பிள்ளைகள் நோவா என்கிறார்கள், அப்பா மணி என்கிறார், தம்பி விக்கி, எனக்கு சிண்ட்ரெல்லா பிடிச்சிருக்கு. சின்ன பேரா, சட்டுனு காதில் விழுற மாதிரி வைங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அது நிஜமாவே முக்கியமா? எந்தப் பேர் வைக்கலாம், எப்படிப் பழக்கிறது?"

முக்கியம்தான், ஆனால் எல்லாரும் சொல்கிற காரணத்துக்காக இல்லை. நீளமான பெயர் நாயின் மண்டையில் ஏறாது என்று சொல்வார்கள், அது சரியில்லை. அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி நாய்க்கு ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொடுத்து, அந்த ஆய்வை 2011இல் வெளியிட்டார். எல்லா நாயும் சேசர் ஆகிவிடாது என்றாலும், ஒரே ஒரு பெயரை, அது நாலு அசையாக இருந்தாலும், நினைவில் வைப்பது எந்தக் குட்டிக்கும் பெரிய வேலை இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது, டிவி ஓடுகிறது, போனில் ஒருவர் கத்துகிறார். இத்தனைக்கும் நடுவில் தனக்கான அந்த ஒரு சத்தத்தை மட்டும் குட்டி பிரித்து எடுக்க வேண்டும். அதனால் பெயர் சின்னதா என்பதைவிட, வீட்டில் புழங்கும் மற்ற சத்தங்களிலிருந்து அது தள்ளி நிற்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சின்னதாக இருப்பது உதவுவது நம்மால்தான். சிண்ட்ரெல்லா என்று வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் நீங்கள் சிண்டு என்பீர்கள், பிள்ளைகள் சிண்டி, அப்பா வாயில் எல்லா, பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது சின்னு. குட்டி ஒன்றுக்குப் பதிலாக நாலைந்து சத்தங்களைக் கற்க வேண்டி வரும், அதில் எதுவும் உறுதியாக நிற்காது. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு: பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும். மணிக்குச் சோறு வெச்சியா, மணியைக் கட்டு, மணியோட தட்டு எங்கே என்று பேசும்போது பெயரின் வால் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இரண்டு அசைப் பெயராக இருந்தால் வால் மாறினாலும் தலை அப்படியே இருக்கும். ஓரசைப் பெயர் இன்னும் நல்லதா என்று கேட்டால், நம் வாயில் அது நிற்பதில்லை. மேக்ஸ் என்று வைத்தால் மேக்ஸு ஆகிவிடும், ஜாக் ஜாக்கு ஆகிவிடும். ஆகவே தமிழ் பேசும் வீட்டில் இரண்டு அசை என்பதே நடைமுறை அளவு. சிண்ட்ரெல்லாவை விட மனசில்லை என்றால் தடுப்பூசி அட்டையில் அதையே எழுதிக்கொள்ளுங்கள். கண்காட்சிக்குப் போகும் நாய்களுக்குப் பதிவில் முழ நீளத்துக்கு ஒரு பெயரும் வீட்டில் கூப்பிட ஒரு சின்னப் பெயரும் இருப்பது வழக்கம்தான்.

இனி, நாய்க்கு எது தனித்துக் கேட்கிறது? புடாபெஸ்டில் ஒத்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் லில்லா மக்யாரியும் கூட்டாளிகளும் 2020இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டு நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டிவிட்டு, அவற்றுக்குப் பழகிய கட்டளைச் சொற்களையும், அந்தச் சொல்லில் ஒரே ஒரு ஒலியை மட்டும் மாற்றிய பொய்ச் சொற்களையும், முற்றிலும் வேறான பொய்ச் சொற்களையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். முற்றிலும் வேறான சொல்லை நாய்களின் மூளை உடனே பிரித்து அறிந்தது. ஒரு ஒலி மட்டும் மாறிய சொல்லையோ பழகிய சொல்லைப் போலவே எடுத்துக்கொண்டது. இது காதின் கோளாறு இல்லை. நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாயின் காது 45,000 வரை போகும். சொல்லின் ஒவ்வொரு ஒலியையும் உற்றுக் கவனிக்கும் பழக்கம் அதற்கு இல்லை, அவ்வளவுதான்.

அதிலும் எந்த ஒலி மாறினால் கவனிக்கும்? அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அம்ரிதா மல்லிகார்ஜுன் குழுவினர் இதை நாய்களின் சொந்தப் பெயரை வைத்தே சோதித்தார்கள். பெயரில் உள்ள உயிரொலியை மாற்றினால் நாய்களுக்கு வித்தியாசம் தெரிந்தது, மெய்யொலியை மாற்றினால் தெரியவில்லை. மனிதர்கள் சொற்களைப் பிரிப்பது பெரும்பாலும் மெய்யொலியை நம்பி என்பதால், நமக்கு எட்ட எட்டத் தெரியும் பெயர்கள் நாய்க்கு ஒட்டியே கேட்கும். மிக்கி, விக்கி, லக்கி, ராக்கி என்று நாலு பெயரைச் சொன்னால் நமக்கு நாலும் வேறு. நாய்க்கு விக்கியும் மிக்கியும் ஏறக்குறைய ஒன்று, ஏனென்றால் இரண்டிலும் உயிர் இ, இ. நடுவில் இருக்கும் க்கி கூட ஒன்றே. உங்கள் வீட்டில் பூனை மிக்கி இருக்கும்போது நாய் விக்கி ஆனால், பூனைக்குப் பால் ஊற்றக் கூப்பிடும்போதெல்லாம் நாயும் வந்து நிற்கும், நாளடைவில் எதற்குமே வராது. எதுகை போட்டுப் பெயர்ச்சோடி வைப்பது நமக்கு அழகு, பிராணிகளுக்குத் தலைவலி.

ஒரு தாளில், அந்த வீட்டில் நாயிடம் சொல்லப்போகும் சொற்களையும் வீட்டில் அடிக்கடி கூப்பிடும் பெயர்களையும் எழுதுங்கள். வா, போ, நோ, சிட், ஸ்டே, உட்காரு, சீ, சூ, அம்மா, அப்பா, மிக்கி, பிள்ளைகளின் பெயர்கள், இவ்வளவு போதும். பிறகு ஒவ்வொன்றின் முதல் உயிரை மட்டும் பாருங்கள். தமிழில் எழுதினால் இது கண்ணுக்கே தெரியும்.

இப்போது உங்கள் பட்டியலை அதன் பக்கத்தில் வையுங்கள். நோவா என்பதில் முதல் அசை நோ, இரண்டாவது அசை வா. ஒரு கட்டளை செய்யாதே என்கிறது, அடுத்தது இங்கே வா என்கிறது. செருப்பைக் கடிக்கும்போது நோ என்று அதட்டுவீர்கள், அடுத்த நிமிஷம் நோவா என்று கொஞ்சுவீர்கள். அழகான பெயர், ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற வீட்டில் இதைவிட மோசமான தேர்வு கிடைப்பது கஷ்டம். இதே கணக்கில் வாசு, சிட்டு, ஸ்டெல்லா மூன்றும் அடிபடும். வா, சிட், ஸ்டே என்ற கட்டளைகள் அவற்றின் தலையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. சீசர் நிறைய வீடுகளில் இருக்கும் பெயர்தான், ஆனால் நாயை அதட்டும்போது நம் வாயில் தானாக வருவது சீ, ச்சீ. சூசி என்று வைத்தால், தெருவில் யாராவது வேறு நாயை ஏவிவிடச் சூ சொல்லும்போது உங்கள் நாயின் காதும் நிமிரும்.

மணியை ஒலியை வைத்து மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாது: இரண்டு அசை, அ, இ, கட்டளை எதோடும் மோதவில்லை. ஆனால் மணி என்ன, மணி எட்டாச்சு, ஒரு மணிக்கு வரேன், மணி அடிச்சிட்டாங்களா என்று ஒரு நாளில் எத்தனை தடவை அந்தச் சொல் வீட்டில் விழுகிறது என்று ஒரு சாயங்காலம் மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நாய்க்கு அது வெறும் அழைப்பு. திரும்பிப் பார்க்கும், ஒன்றும் நடக்காது. திரும்பி ஒன்றும் கிடைக்காத சத்தத்துக்குத் திரும்புவதைப் பிராணி மெல்ல நிறுத்திவிடும். தெருவில் வளரும் மணிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, வெளியில் யாரும் அதன் காதருகே நேரம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. வீட்டுக்குள் வளர்க்கிற நாய்க்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணு, செல்லம், ராஜா, குட்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான், வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் மோசம்.

மெய்யொலி தேவையே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. க, ட, ப போன்ற வல்லினம் சொல்லின் தொடக்கத்தில் வெடித்து வரும், அதனால் சத்தம் எங்கே தொடங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும். ல, ம, ய, வ என்று தொடங்கும் பெயர் முந்தைய சொல்லோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். நடுவில் இரட்டித்த வல்லினம் வந்தால் இன்னும் நல்லது: க்க, ட்ட, ப்ப என்று சொல்லும்போது வாய் ஒரு கணம் மூடி, சத்தம் அறுந்து, மறுபடி வெடிக்கிறது. வெறும் க, வெறும் ட நடுவில் வந்தால் தமிழில் அது மெலிந்து போகும், டைகர் என்பதில் வரும் க போல. அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் பட்ரீசியா மெக்கானல் பல மொழிக்காரர்கள் நாய், குதிரைகளிடம் பேசும் சத்தங்களைத் திரட்டிப் பார்த்தபோது, பிராணியைக் கிளப்பவும் கூப்பிடவும் எல்லாரும் குட்டையாக, அடுத்தடுத்து வெட்டி வரும் சத்தத்தையும், நிறுத்தவும் அடக்கவும் நீட்டி இழுக்கும் சத்தத்தையும் பயன்படுத்துவது தெரிந்தது. கோழியைப் பா பா பா என்றும் நாயைத் தோ தோ என்றும் கூப்பிட்டு, மாட்டை ஹோ... என்று இழுத்து நிறுத்துகிற நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு என்ன மிச்சம்? ஆ, ஓ, இ, உ எல்லாம் கட்டளையிலும் பூனையிலும் போய்விட்டன. முதல் அசையில் எ, ஏ, ஐ காலியாக இருக்கின்றன. ஸ்டேயில் ஏ இருக்கிறது, ஆனால் அதற்குப் பதில் நில் என்று சொல்லிப் பழக்கினால் அந்த இடமும் காலி. பிள்ளைகள் உடனே பெப்பா என்பார்கள், பரவாயில்லை ரகம்; தலை நன்றாக இருக்கிறது, ஆனால் வால் அப்பாவோடு உரசுகிறது. பழுப்புக் குட்டி என்கிறீர்கள், என் ஓட்டு கேப்பைக்கு. தொடக்கத்தில் க, நடுவில் ப்ப, முதல் உயிர் ஏ. எழுதினால் கேப்பை, வாயில் வருவது கேப்ப, தூரத்திலிருந்து கூப்பிட்டால் கேப்பே என்று நீளும். மூன்றிலும் தலை ஒன்றுதான். தினமும் கேப்பைக் கூழோ களியோ கிண்டுகிற வீடு என்றால் மட்டும் வேண்டாம், மணிக்கு ஆன கதைதான் ஆகும். அப்படியென்றால் டெட்டு, பெட்டா, டைகர் என்று இதே உயிர்களில் தேடுங்கள். முடிவு செய்வதற்கு முன் வீட்டில் எல்லாரும், வயதானவர்கள் உட்பட, வாசலில் நின்று அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு மாதிரி வந்தால், எல்லார் வாயிலும் எப்படி வருகிறதோ அந்த வடிவத்தையே பெயராக வைத்துவிடுவது நல்லது.

பழக்குவது பெயர் தேடுவதைவிடச் சுலபம். வேகவைத்த கோழியைப் பொட்டுக்கடலை அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாத அறை, குட்டியும் நீங்களும் மட்டும். அது உங்களைப் பார்க்காமல் வேறு எதையோ முகர்ந்துகொண்டிருக்கும்போது, ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில், உருபு எதுவும் ஒட்டாமல், கேப்பே என்று சொல்லுங்கள். தலை திரும்பிய அந்த நொடியில் ஆமா என்றோ குட் என்றோ எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லி, உடனே கோழித் துண்டைக் கொடுங்கள். நாலு விநாடி கழித்துக் கொடுத்தால், அதற்குள் அது உட்கார்ந்ததற்கோ உங்கள் மேல் தாவியதற்கோ கொடுத்ததாக எடுத்துக்கொள்ளும். அது மறுபடி வேறு பக்கம் பார்க்கும்வரை காத்திருங்கள், பிறகு அடுத்தது. ஒரு வேளைக்கு ஏழெட்டு முறை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, அதற்கு மேல் இந்த வயதுக் குட்டிக்குத் தாங்காது, தூங்கிவிடும். பெரும்பாலான குட்டிகள் சில நாளிலேயே பிடித்துக்கொள்ளும்.

திரும்பவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேப்பே கேப்பே கேப்பே என்று அடுக்கினால், மூன்றாவது தடவைக்குத்தான் திரும்ப வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். மறுபடி சொல்லாமல், உதட்டைக் குவித்து ஒரு முத்தச் சத்தம் கொடுங்கள், அல்லது பக்கத்தில் போய் நில்லுங்கள், திரும்பியதும் துண்டு. அறையில் நன்றாக வந்தபின் திண்ணை, அப்புறம் மாடி, அப்புறம் தெரு. தெருவில் தூரத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். மேரிலாந்துக் குழுவே 2019இல் காட்டியபடி, பின்னணிப் பேச்சின் சத்தமும் பெயரின் சத்தமும் சமமாக இருக்கும் வரைதான் நாய்கள் தங்கள் பெயரைக் கண்டுபிடித்தன, பின்னணி அதைத் தாண்டிப் போனால் முடியவில்லை. பஸ் ஹாரனுக்கு நடுவில் கூப்பிட்டு, பார் திமிரை என்று சொல்வது நியாயமில்லை.

இன்னொன்று, பெயருக்கு அர்த்தம் என்னைப் பார் என்பது மட்டும்தான். வர வேண்டுமானால் கேப்பே என்று சொல்லி, அது பார்த்தபின் வா என்று தனியாகச் சொல்லுங்கள். குளிப்பாட்ட, மாத்திரை போட, நகம் வெட்ட, திட்டப் பெயரைச் சொல்லாதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்கி வாருங்கள். பெயரைக் கேட்டதும் காதை மடித்து, பார்வையைத் திருப்பி, கட்டிலுக்கு அடியில் போகிற நாய் பெயரை மறக்கவில்லை, நன்றாகவே கற்றிருக்கிறது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் பழைய பெயரைச் சரிசெய்வதைவிடப் புதிதாக ஒன்று வைப்பது வேகம்.

கற்றுக்கொண்டதா, உங்கள் குரலுக்குத் திரும்புகிறதா என்பதைச் சோதிக்கவும் வழி உண்டு. ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்ற ஆய்வாளர் பூனைகளிடம் செய்ததும் இதுதான். பூனையின் பெயரின் அளவும் தொனியும் உள்ள வேறு நாலு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, பூனை அலுத்துப்போய்க் கண்டுகொள்ளாமல் விட்டபின் அதன் பெயரைச் சொன்னார். பல பூனைகளின் காது, தலை அப்போது அசைந்தது. நீங்களும் அதே குரலில், இடைவெளி விட்டு, சாக்கு, தட்டு, வாளி, கூடை என்று சொல்லிவிட்டு, ஐந்தாவதாகக் கேப்பே என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி திரும்பினால் அது உங்கள் குரலைத்தான் கேட்கிறது, இன்னும் பழக்க வேண்டும். ஐந்தாவதற்கு மட்டும் நிமிர்ந்தால் பெயர் பதிந்துவிட்டது. மிக்கியிடமும் செய்து பாருங்கள், ஆனால் பூனையிடம் தலை முழுவதும் திரும்பும் என்று எதிர்பார்க்காமல் காது நுனியைக் கவனியுங்கள். 2019இல் வந்த அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: பல பூனைகள் சேர்ந்து வாழும் பூனை கஃபேயில், தன் பெயரையும் கூட இருக்கும் பூனையின் பெயரையும் அவை பிரித்து அறிந்ததாகத் தெரியவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் எல்லாருக்கும் ஒரே தடவல் கிடைத்தால் பிரித்தறிய என்ன அவசியம்? ஆகவே மிக்கியைக் கூப்பிட்டால் மிக்கிக்கு மட்டும், கேப்பையைக் கூப்பிட்டால் கேப்பைக்கு மட்டும் தீனி கொடுங்கள்.

எவ்வளவு பழக்கியும் காது நுனி கூட அசையவில்லை என்றால் பெயரை மாற்றாதீர்கள், காதைப் பாருங்கள். முழு வெள்ளையாகப் பிறக்கும் ராஜபாளையம் குட்டிகளிலும், நீலக்கண் வெள்ளைப் பூனைகளிலும் பிறவிச் செவிட்டுத்தன்மை இருப்பது தெரிந்த விஷயம். உங்களுடையது பழுப்பு என்பதால் வாய்ப்பு குறைவு, இருந்தாலும் சந்தேகம் வந்தால் அது தூங்கும்போது பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிரக்கூடாது, காற்று அதன் மேல் படக்கூடாது, நிழல் விழக்கூடாது. இவற்றில் எது பட்டாலும் செவிட்டு நாயும் எழுந்துவிடும். வேறு வேறு நாளில் செய்தும் அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டிகளும் உண்டு. அவை பெயருக்கு எழுந்து நிற்கும், ஆனால் சத்தம் வந்த திசை தெரியாமல் தவறான பக்கம் தேடும். இரண்டும் கேட்காது என்று உறுதியானால், கோழித் துண்டு, அதே நொடியில் கொடுப்பது என்ற அதே முறையில், பெயருக்குப் பதில் தரையில் காலால் இரண்டு தட்டு என்றோ டார்ச்சை ஒரு முறை மின்னுவது என்றோ பழக்கலாம்.